90 நாள் பட்டியலில் சிக்காத ஓடாத சரக்கு

*"மாதவரத்தில் ஒரு மின்சாதன விநியோகஸ்தரின் குடோனில் பல வருடமாக சூப்பர்வைசராக இருக்கிறேன். மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸில் இருந்து '90 நாள் விற்காத சரக்கு' என்று ஒரு பட்டியல் வரும். செப்டம்பர் 30 தேதியிட்ட பட்டியலில் 126 ஐட்டம், 18 லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, 'இதற்கு நானே பொறுப்பு' என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தொகை குறையாவிட்டால் சம்பளத்தில் பிடிப்போம் என்றும் பேச்சு. நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. செங்குன்றத்தில் எங்களுக்கே இன்னொரு குடோன் இருக்கிறது. அங்கே மாற்றி அனுப்பிவிட்டால் பட்டியலில் இருந்து போய்விடும் என்கிறார் கூட வேலை பார்ப்பவர். மீதியை ரைட்ஆஃப் செய்யச் சொல்லிவிடலாமா? பட்டியலையும் முழு ஸ்டாக் விவரத்தையும் இணைத்திருக்கிறேன்."*
— பெயர் வேண்டாம், சென்னை

வணக்கம். இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கையெழுத்து, சம்பளம் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் பட்டியலையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால், 'பாதி ஐட்டம் அநியாயமாக ஏறியிருக்கிறது' என்பதுதான் உங்கள் மனக்குறை என்று தெரிகிறது. அது ஓரளவு உண்மை. ஆனால் ஏற வேண்டிய சில ஐட்டங்கள் ஏறாமல் தப்பியிருக்கின்றன. அவைதான் உங்கள் ரேக்கை அதிகம் அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

இந்தப் பட்டியல் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை அதன் தலைப்பு வரிசையே காட்டிக்கொடுக்கிறது. 'கடைசி வெளிச்செல் தேதி' என்று ஒரு பத்தி இருக்கிறது. அந்தத் தேதி ஜூலை 2க்கு முன்னால் இருந்தால் ஐட்டம் பட்டியலில் வரும்; இல்லாவிட்டால் வராது. அவ்வளவுதான் விதி. இந்த ஒரு தேதியை நம்பியதால் இரண்டு பக்கமும் தப்பு நடந்திருக்கிறது.

அநியாயமாக ஏறியவை

முதலில் 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர், 40 பீஸ். கடைசியாக விற்றது பிப்ரவரி 14, அதாவது 228 நாள். காகிதத்தில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் சென்னையில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் யார் வாட்டர் ஹீட்டர் கேட்டு வருவார்கள்? மழை ஆரம்பித்து நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதம்தான் அதற்கு ஓட்டம். இப்படிப்பட்ட ஐட்டத்துக்குக் கடந்த 90 நாளைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. போன வருடம் நவம்பர் முதல் ஜனவரி வரை எத்தனை போனது என்று பார்க்க வேண்டும். 60க்கு மேல் போயிருந்தால் இந்த 40 ஒரு பிரச்சினையே இல்லை, இன்னும் வாங்கத்தான் வேண்டியிருக்கும். 10தான் போயிருந்தால் நான்கு சீசனுக்கான சரக்கு உங்கள் தலையில் இருக்கிறது. காரணப் பத்தியில் நீங்கள் 'சீசன் ஐட்டம்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதை மேலிடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள், எல்லாரும் எழுதுகிற வார்த்தை அது. போன சீசன் விற்பனை எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது 6 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன். இது குடோனுக்கே செப்டம்பர் 2ஆம் தேதிதான் வந்திருக்கிறது. வந்து 28 நாள் ஆன சரக்கு 90 நாள் விற்காமல் இருக்க முடியாது. விற்பனைத் தேதி காலியாக இருந்ததால் எக்செல் அதை பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. பூஜ்யத்தைத் தேதியாகக் காட்டினால் 00-01-1900 என்று வரும். உங்கள் பட்டியலில் இப்படிப்பட்ட வரிகள் நிறைய இருக்கின்றன, கவனித்துப் பாருங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருடத்தில் இருந்து விற்காத ஃபேன் என்று கணக்குப் போட்டுச் சேர்த்திருக்கிறது.

இதே வகையில் இன்னொன்று: மார்ச்சில் தீர்ந்துபோய், ஆறு மாதம் ஸ்டாக்கே இல்லாமல் இருந்து, செப்டம்பர் 20இல் திரும்ப வந்த எம்சிபி. கடைசி விற்பனை மார்ச் என்று பட்டியல் சொல்கிறது. விற்பதற்குச் சரக்கு இருந்தால்தானே விற்கும்.

தப்பித்துக்கொண்டவை

இப்போது உங்கள் முழு ஸ்டாக் விவரத்துக்கு வாருங்கள். ஐவரி நிறத்து மாடுலர் ஸ்விட்ச் பிளேட் 900 பீஸ் இருக்கிறது. இது பட்டியலில் இல்லை. காரணம், ஆகஸ்ட் 18இல் யாரோ ஒரு எலக்ட்ரீசியன் பழைய வீட்டில் உடைந்ததை மாற்ற ஒன்றிரண்டு வாங்கிப் போயிருக்கிறார். 90 நாளில் மொத்தமே 12 பீஸ் போயிருக்கிறது. இதே வேகத்தில் போனால் 900 பீஸ் தீர 6,750 நாள் ஆகும், அதாவது பதினெட்டரை வருடம். ஒரே ஒரு பீஸ் விற்றாலும் கடிகாரம் திரும்ப பூஜ்யத்தில் இருந்து ஓட ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை. என்னைக் கேட்டால், 'எப்போது விற்றது' என்பதைவிட 'இருப்பது எத்தனை நாளுக்குக் காணும்' என்பதுதான் ஓடாத சரக்கைக் கண்டுபிடிக்கும் கேள்வி.

மாதக் கடைசி பில்லிங் தெரியும் அல்லவா? டார்கெட் எட்டுவதற்காக ஒரு கடைக்கு 20 டேபிள் ஃபேனைத் தள்ளிவிடுவார்கள். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அதே 20 கிரெடிட் நோட்டில் திரும்பி வரும். உங்கள் கோப்பில் ஆகஸ்ட் 25 பில், செப்டம்பர் 5 கிரெடிட் நோட், இரண்டும் 20 பீஸ். விற்பனை என்று ஒன்று நடக்கவே இல்லை. ஆனால் கடைசி விற்பனை ஆகஸ்ட் 25 என்று பதிவாகி, அந்த ஃபேன் பட்டியலில் இருந்து தப்பித்துவிட்டது. போய்த் திரும்பி வந்ததில் அட்டைப்பெட்டி நசுங்கியதுதான் மிச்சம்.

பட்டியலைச் சரிசெய்ய அக்கவுண்ட்ஸுக்கு அரை நாள் வேலை போதும். விற்பனையும் கிரெடிட் நோட்டும் மட்டும் உள்ள, Sales என்று பெயரிட்ட ஒரு ஷீட் வேண்டும், செப்டம்பர் 30 வரைக்கும். அதில் A ஐட்டம் கோடு, B வவுச்சர் வகை, C தேதி, D எண்ணிக்கை. கிரெடிட் நோட்டின் எண்ணிக்கை மைனஸில் இருக்க வேண்டும். ஸ்டாக் ஷீட்டில் A கோடு, B கையிருப்பு, D பத்தியில் கையிருப்பு கடைசியாக பூஜ்யத்தில் இருந்து ஏறிய தேதி, H1 கட்டத்தில் பட்டியல் தேதி. பிறகு வரிசையாக C2, E2, F2, G2 கட்டங்களில் இவை:

```
=MAXIFS(Sales!C:C,Sales!A:A,A2,Sales!B:B,"Sales")
=$H$1-MAX(C2,D2)
=SUMIFS(Sales!D:D,Sales!A:A,A2,Sales!C:C,">"&$H$1-90)
=IF(F2<=0,"NIL",B2/F2*90)
```

முதல் வரி கடைசி விற்பனைத் தேதி. இரண்டாவது, சரக்கு கையில் இருந்தும் விற்காமல் கிடந்த நாள். எக்ஸாஸ்ட் ஃபேனும் எம்சிபியும் இங்கே வெளியே போய்விடும். மூன்றாவது, திரும்பி வந்ததைக் கழித்த 90 நாள் விற்பனை; டேபிள் ஃபேன் இங்கே மாட்டிக்கொள்ளும். நான்காவது, இருப்பு எத்தனை நாளுக்குக் காணும் என்பது; ஸ்விட்ச் பிளேட் 6,750 என்று நிற்கும். கணக்கு கையிருப்பு ஷீட்டில் இருந்து தொடங்க வேண்டும், விற்பனை ஷீட்டில் இருந்து அல்ல. விற்பனையில் இருந்து தொடங்கினால் ஒரு முறைகூட விற்காத ஐட்டத்துக்கு அங்கே வரியே இருக்காது, அது எந்தப் பட்டியலிலும் தலைகாட்டாது.

டேலியில் Ageing Analysis இருக்கிறதே, அதை எடுத்துக் கொடுத்தால் போதாதா என்று அக்கவுண்ட்ஸில் கேட்கலாம். அது சரக்கு வாங்கி எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லும். விற்று எத்தனை நாள் ஆகிறது என்பது வேறு கேள்வி. இரண்டும் பயன்படும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

செங்குன்றத்துக்கு மாற்றும் யோசனை

தயவுசெய்து வேண்டாம். வெளிச்செல் தேதியை வைத்துப் பட்டியல் எடுப்பதால் ஸ்டாக் ஜர்னல் போட்டு மாற்றினாலும் தேதி புதுப்பிக்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். ஒரே நாளில் ஒரு குடோனில் 40 வெளியே, இன்னொன்றில் 40 உள்ளே, பில் கிடையாது. Stock Journal என்று வடிகட்டினால் மாதக் கடைசித் தேதிகளில் கொத்தாகத் தெரியும். நான் வங்கிகளுக்காக ஸ்டாக் ஆடிட் செய்யும்போது முதலில் திறந்து பார்ப்பதே அந்தப் பதிவேட்டைத்தான். அதில் மாற்றியவர் கையெழுத்து என்று உங்கள் பெயர்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு ஆபத்து இருக்கிறது. உங்கள் முதலாளிக்கு கேஷ் கிரெடிட் இருந்தால், மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போகும். 90 நாளுக்கோ 180 நாளுக்கோ மேற்பட்ட சரக்கைக் கடன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பல அனுமதிக் கடிதங்களில் நிபந்தனை இருக்கும். பழைய சரக்கைப் புதிதாகக் காட்டுவது அப்போது குடோன் விஷயமாக இருக்காது, வங்கிக்குத் தவறான கணக்குக் கொடுத்ததாகிவிடும். அப்புறம் இன்ஷூரன்ஸ். பாலிசியில் எழுதியுள்ள முகவரியில் இருக்கும் சரக்குக்குத்தான் காப்பு. செங்குன்றம் குடோன் பாலிசியில் இல்லையென்றாலோ, அங்கே இவ்வளவு தொகைக்குக் காப்பு எடுக்கவில்லையென்றாலோ, வடகிழக்கு மழையில் தண்ணீர் ஏறினால் கிளெய்ம் தகராறுதான். அக்டோபர் மாதத்தில் இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

ரைட்ஆஃப் கடைசியில்தான்

ரைட்ஆஃப் செய்தால் கணக்கில் இருந்து போய்விடும், தொல்லை விட்டது என்று நினைக்கிறீர்கள். வரிப் பக்கம் அப்படி இல்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி, ரைட்ஆஃப் செய்த சரக்குக்கும் அழித்த சரக்குக்கும் இலவசமாகக் கொடுத்ததற்கும் வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரிக் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அடிமட்ட விலைக்கு விற்றால் அது வேண்டாம்.

ஸ்விட்ச் பிளேட்டையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஸ்டாக் விவரப்படி அடக்கம் 38 ரூபாய். 900 பீஸுக்கு 34,200. அதில் 18 சதவீதம் 6,156 ரூபாய் வரிக்கழிவு எடுத்திருப்பார்கள். ரைட்ஆஃப் செய்தால் 34,200 நஷ்டத்தோடு இந்த 6,156ம் கையில் இருந்து போகும். அதற்குப் பதில் பாரிமுனைப் பக்கம் லாட் சரக்கு எடுக்கும் வியாபாரியிடம் பீஸ் 12 ரூபாய்க்குத் தள்ளினால் 10,800 வரும். வரி அந்த 12 ரூபாய்க்குத்தான், அதையும் வாங்குபவரே கொடுப்பார். எடுத்த கழிவில் கை வைக்க வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் 16,956 ரூபாய். ஒரு பிளேட் ஐட்டத்துக்கே இவ்வளவு.

ரைட்ஆஃப் செய்யாவிட்டால் முழு விலையிலேயே கணக்கில் நிற்கும் என்ற பயமும் வேண்டாம். அடக்க விலை, இன்று விற்றால் செலவு போகக் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் வருடக் கடைசியில் சரக்கைக் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் விதி. அப்படி மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும், சரக்கையே கணக்கில் இருந்து அடித்துவிடுவதும் ஒன்றல்ல. அதை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

லாட்டில் தள்ளுவதற்கும் முன்னால் ஒரு வழி இருக்கிறது: சரக்கு கொடுத்த கம்பெனிக்கே திருப்பி அனுப்புவது. இதற்கு ஒரு கெடு உண்டு. சென்ற நிதியாண்டில், அதாவது போன மார்ச் 31 வரை வாங்கிய சரக்குக்கு, வரியையும் சரிக்கட்டும் கிரெடிட் நோட்டைக் கம்பெனி தன் கணக்கில் காட்ட வரும் நவம்பர் 30 வரைதான் நேரம். கம்பெனி ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அதோடு சரி. நவம்பர் கடைசி வாரத்தில் போய் நின்றால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே பட்டியலில் எது கம்பெனி ஏற்கக்கூடியது, சீல் உடையாதது, மாடல் இன்னும் ஓடுவது என்று இந்த வாரமே பிரித்துக் கொடுங்கள். வாங்கிய பில் நம்பரைப் பக்கத்தில் குறித்துக் கொடுத்தால் பர்சேஸ் ஆளுக்கு மறுக்கக் காரணம் இருக்காது.

கையெழுத்தும் சம்பளமும்

கையெழுத்தே போட மாட்டேன் என்று நிற்காதீர்கள். குடோன் பொறுப்பாளர் ஸ்டாக் பட்டியலில் கையெழுத்துப் போடுவது நியாயமான வேலைதான். எதற்குப் போடுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். எண்ணிக்கை, இருக்கும் ரேக், நிலைமை இந்த மூன்றும் உங்களுடையது. எதை எவ்வளவு வாங்குவது என்பதும் யாருக்கு என்ன விலைக்கு விற்பது என்பதும் உங்களுடையது அல்ல. 'இதற்கு நானே பொறுப்பு' என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்:

"மேற்கண்ட ஐட்டங்களின் எண்ணிக்கையும் நிலைமையும் 30 செப்டம்பர் அன்று நேரில் சரிபார்க்கப்பட்டது. சேதமானவை தனியே குறிக்கப்பட்டுள்ளன. விற்பனை, கொள்முதல் குறித்த விளக்கம் அந்தந்தப் பிரிவினர் அளிக்க வேண்டியது."

ஒரு நகலைத் தேதியோடு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மெயிலிலும் அனுப்புங்கள்.

சம்பளப் பிடித்தம் பற்றி: எந்தக் காரணத்துக்கெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது, முன்பு 1936ஆம் வருடச் சட்டத்தில் இருந்தது, 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதேதான். காவலுக்கென்று ஒப்படைத்த சரக்கு தொலைந்தோ சேதமாகியோ போயிருக்க வேண்டும், அதுவும் ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக நடந்திருக்க வேண்டும், அவரிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். விற்காமல் இருப்பது தொலைந்ததும் அல்ல, சேதமும் அல்ல. ஆனால் இதே சட்டம் உங்களுக்கு எதிராகவும் திரும்பும் இடம் ஒன்று இருக்கிறது. கீழ் ரேக்கில் வைத்த வாட்டர் ஹீட்டர் பெட்டிகள் மழைத் தண்ணீரில் ஊறினால் அது சேதம். முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் தரையிலேயே விட்டிருந்தீர்கள் என்றால் கவனக்குறைவு என்று வாதிட இடம் கிடைத்துவிடும்.

ஓடாத சரக்கைத்தான் எல்லாரும் கீழேயும் மூலையிலும் தள்ளுவார்கள். உங்கள் விவரத்திலும் 'தரை' என்று குறித்தவற்றில் பெரும்பகுதி இந்த 126க்குள்தான் வருகிறது. அவற்றை மேல் தட்டுக்கு ஏற்றவோ, பாலெட் போடவோ என்ன வேண்டுமோ அதை எழுத்தில் கேளுங்கள். மோட்டாரும் ஸ்விட்ச்சும் ஈரம் பட்டால் பெட்டி காய்ந்த பிறகும் உள்ளே துரு ஏறியிருக்கும். அதை லாட் வியாபாரிகூட எடுக்க மாட்டார்.

இன்க்ரிமென்ட்டை நிறுத்துவது பிடித்தத்தில் சேராது. அதற்கு இந்தச் சட்டம் கை கொடுக்காது. அங்கே உங்களுக்குக் கை கொடுக்கக்கூடியது திருத்திய பட்டியல்தான். புது எக்செல்லோடு முதலாளியிடம் போகும்போது, தப்பாக ஏறியதை மட்டும் காட்டாதீர்கள். காட்டினால் சாக்கு சொல்கிறார் என்றுதான் நினைப்பார். ஸ்விட்ச் பிளேட், டேபிள் ஃபேன் மாதிரித் தப்பித்தவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள். மொத்தத் தொகை 18 லட்சத்தைவிடக் கூடினாலும் பரவாயில்லை. அந்த ஐவரி பிளேட்டுக்கு பர்சேஸில் இன்னும் ஆர்டர் எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று அதே சூட்டோடு கேட்டுவிடுங்கள்.